பதிமூன்று மைக்ரான் இடம்

செயல்முறைத் திறன் குறியீடு என்பது இரண்டு அகலங்களை ஒப்பிடும் எண். ஓர் அளவுக்கு வரைபடம் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்பது முதல் அகலம். அந்த அளவைத் தரும் இயந்திரம் தன் போக்கில் எவ்வளவு இடத்தில் அலைகிறது என்பது இரண்டாவது. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கிடைப்பது குறியீடு. விடை ஒன்றுக்கு மேல் இருந்தால் அலைச்சல் இடத்துக்குள் அடங்கும். ஒன்றுக்குக் கீழே இருந்தால் அடங்காது. கணக்கு இவ்வளவுதான். அந்த இரண்டாவது அகலத்தை நேர்மையாகக் கண்டுபிடிப்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது.

எந்த இயந்திரமும் அச்சுப் பிசகாமல் ஒரே அளவைத் திரும்பத் திரும்பத் தருவதில்லை. அதே ஆபரேட்டர், அதே இரும்பு, அதே செட்டிங் என்று எல்லாம் மாறாமல் இருந்தாலும், அடுத்தடுத்து வரும் இரண்டு உருப்படிகளை மைக்ரோமீட்டரில் வைத்தால் ஒன்றிரண்டு மைக்ரானாவது தள்ளி நிற்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வரைபடம் போடுபவருக்கும் இது தெரியும். அதனால்தான் அவர் ஒற்றை அளவைக் கொடுப்பதில்லை. கீழ் எல்லை, மேல் எல்லை என்று இரண்டைக் கொடுக்கிறார். இரண்டுக்கும் நடுவே உள்ள இடத்தைப் பட்டறைகளில் டாலரன்ஸ் என்பார்கள்.

கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் நாள்தோறும் கடைசல் பிடிக்கப்படும் மோட்டார் பம்ப் ஷாஃப்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு முனையில் 6204 என்ற எண்ணுள்ள பேரிங் உட்காருகிறது. அந்த பேரிங்கின் உள்துளை 20 மில்லிமீட்டர். ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்துக்கு வரைபடத்தில் 20 k6 என்று போட்டிருக்கும். உலகத் தர அட்டவணைப்படி இதன் பொருள், விட்டம் 20.002 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 20.015-ஐத் தாண்டக் கூடாது என்பது. இடம் வெறும் 13 மைக்ரான்.

இந்த எல்லைகளுக்குக் காரணம் உண்டு. சாதாரண தரத்து 6204 பேரிங்கின் துளை 19.990-க்கும் 20.000-க்கும் இடையில் இருக்கும். ஆகவே ஷாஃப்ட் எப்போதும் துளையை விடச் சற்றுப் பெரிது. அழுத்தித்தான் ஏற்ற வேண்டும். ஷாஃப்ட் கீழ் எல்லைக்கும் கீழே போனால் பிடி தளர்ந்து, பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்டின் மேல் மெல்ல மெல்ல நழுவிச் சுற்றத் தொடங்கும். சில மாதங்களில் அந்த இடம் தேய்ந்து பழுப்பேறிவிடும். மேல் எல்லையைத் தாண்டினால் உள்வளையம் விரிந்து, குண்டுகளுக்கு என்று விட்டிருந்த இடைவெளி அடைபடும். மோட்டார் ஓட ஓட பேரிங் சூடேறும், சத்தம் போடும்.

இந்த இடத்தை முடிப்பது உருளை கிரைண்டிங் இயந்திரம். இனி வரும் அளவுகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. என்றாலும் இத்தகைய வேலையில் எதிர்பார்க்கக்கூடியவை.

அலைச்சலை அளப்பது

மணிக்கு ஒரு தடவை, அடுத்தடுத்து வரும் ஐந்து ஷாஃப்டுகளை எடுத்து அளக்க வேண்டும். இப்படி 25 தடவை. மொத்தம் 125 உருப்படிகள். ஐந்தையும் ஒரே நேரத்தில் அடுத்தடுத்து எடுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஓரிரு நிமிட இடைவெளியில் வந்த ஐந்துக்கும் நடுவே வீல் தேய்ந்திருக்காது, ஷிப்ட் மாறியிருக்காது, வெயில் ஏறியிருக்காது. அந்த ஐந்துக்குள் தெரியும் வித்தியாசம் இயந்திரத்தின் சொந்த அலைச்சல் மட்டுமே.

ஒவ்வொரு ஐந்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் வீச்சு கிடைக்கும். 25 வீச்சுகளின் சராசரி 4.2 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். இதை 2.326 என்ற மாறிலியால் வகுக்க வேண்டும். ஐந்து ஐந்தாக எடுக்கும் போது புள்ளியியல் அட்டவணைகள் தரும் எண் அது. விடை ஏறத்தாழ 1.8 மைக்ரான். இதுதான் திட்ட விலக்கம். கிரேக்க எழுத்தான சிக்மாவால் குறிப்பதால் பட்டறை வழக்கிலும் அது சிக்மாதான்.

அளவுகள் சராசரியைச் சுற்றி மணி வடிவத்தில் பரவியிருந்தால், சராசரிக்கு இரு பக்கமும் ஒரு சிக்மா தூரத்துக்குள் 68 விழுக்காடு உருப்படிகள் அடங்கும். இரண்டு சிக்மாவுக்குள் 95, மூன்று சிக்மாவுக்குள் 99.73 விழுக்காடு. எஞ்சுவது ஆயிரத்துக்கு மூன்றுக்கும் குறைவு. ஆகவே இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என ஆறு சிக்மா அகலத்தையே இயந்திரத்தின் இயல்பான அலைச்சல் என்று கொள்வது வழக்கம். நம் கிரைண்டிங் இயந்திரத்துக்கு அது 10.8 மைக்ரான்.

13-ஐ 10.8-ஆல் வகுத்தால் 1.20. இதுவே சி.பி. என்ற முதல் குறியீடு. 13 மைக்ரான் இடத்தில் 10.8 மைக்ரான் அலைச்சல் அடங்கும், இரு பக்கமும் கொஞ்சம் மிச்சமும் இருக்கும் என்கிறது இந்த எண். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நடுவில் நிற்கிறதா

ஆனால் சி.பி. ஒரு விஷயத்தைப் பார்ப்பதே இல்லை. அலைச்சலின் அகலத்தை மட்டும் கேட்கிறதே தவிர, அது எங்கே நிற்கிறது என்று கேட்பதில்லை. எல்லா ஷாஃப்டும் 20.030-ல் வந்து விழுந்து, ஒன்றுகூட எல்லைக்குள் இல்லாமல் போனாலும் சி.பி. அதே 1.20-ஐத்தான் காட்டும்.

இந்தக் குறையை நிரப்ப வந்தது சி.பி.கே. சராசரியிலிருந்து மேல் எல்லைக்கு எவ்வளவு தூரம், கீழ் எல்லைக்கு எவ்வளவு தூரம் என்று தனித்தனியே பார்த்து, ஒவ்வொன்றையும் மூன்று சிக்மாவால் வகுத்து, இரண்டில் சிறியதை அது எடுத்துக்கொள்கிறது. மேல் எல்லையை USL, கீழ் எல்லையை LSL, சராசரியை μ என்று குறித்தால் இரண்டு சூத்திரங்களும் இவை:

```
Cp  = (USL − LSL) / 6σ
Cpk = min[ (USL − μ) / 3σ , (μ − LSL) / 3σ ]
```

டாலரன்ஸின் நடுப்புள்ளி 20.0085. அளந்த 125 ஷாஃப்டுகளின் சராசரியோ 20.0102. மேல் எல்லைக்கு 4.8 மைக்ரான்தான் இருக்கிறது. கீழ் எல்லைக்கு 8.2 இருக்கிறது. மூன்று சிக்மா 5.4 மைக்ரான் என்பதால் மேல்பக்க விகிதம் 0.89, கீழ்ப்பக்கம் 1.52. சிறியது 0.89. ஆகவே சி.பி.கே. 0.89.

1.20-க்கும் 0.89-க்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைப் பழுதான உருப்படிகளாக மாற்றிப் பார்க்கலாம். சராசரி நடுவில் நின்றிருந்தால் எல்லை தாண்டுவது பத்தாயிரத்துக்கு மூன்று ஷாஃப்ட். இப்போது நிற்கும் இடத்தில் ஆயிரத்துக்கு நான்கு. இயந்திரம் அதே இயந்திரம், அலைச்சல் அதே அலைச்சல். 1.7 மைக்ரான் தள்ளி நின்றதற்குப் பத்து மடங்குக்கு மேல் விலை.

சராசரி ஏன் மேலே தள்ளி நிற்கிறது என்பதைக் கணக்கு சொல்லாது. கிரைண்டிங் தெரிந்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். பருமன் கூடிய ஷாஃப்டை மறுபடி வீலில் காட்டி இரண்டு மைக்ரான் எடுத்துவிடலாம். மெலிந்துபோன ஷாஃப்ட் ஸ்கிராப் பெட்டிக்குத்தான். ஆகவே ஆபரேட்டரின் கை தானாகவே மேல்பக்கம் ஒதுங்கி நிற்கும். துளை போடுகிறவரின் கை இதே காரணத்தால் கீழ்ப்பக்கம் ஒதுங்கும்: சிறிய துளையைப் பெரிதாக்கலாம், பெரிய துளையைச் சிறிதாக்க முடியாது. ஆபரேட்டர் தன் அளவில் செய்வது சரியான காரியமே. ஸ்கிராப்புக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதன் செலவு மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியாமல் அசெம்ப்ளிக்கும், பிறகு மோட்டாரை வாங்கியவரின் தோட்டத்துக் கிணற்றுக்கும் போய்ச் சேர்கிறது.

சி.பி.யும் சி.பி.கே.யும் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்படுவதன் பயன் இதுதான். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து இரண்டுமே குறைவாக இருந்தால் கோளாறு அலைச்சலில். அதைக் குறைக்கப் பணமும் நாளும் ஆகும். சி.பி. நன்றாக இருந்து சி.பி.கே. மட்டும் விழுந்திருந்தால் கோளாறு நிற்கும் இடத்தில். பெரும்பாலும் கன்ட்ரோலரில் ஆஃப்செட்டை மாற்றினால் தீர்ந்துவிடும்.

எத்தனை சிக்மா

சி.பி.கே.யை மூன்றால் பெருக்கினால், சராசரிக்கும் அருகிலுள்ள எல்லைக்கும் நடுவே எத்தனை சிக்மா இருக்கிறது என்பது கிடைக்கும். அதுவே சிக்மா நிலை. சி.பி.கே. 1 என்றால் மூன்று சிக்மா, 1.33 என்றால் நான்கு, 1.67 என்றால் ஐந்து, 2 என்றால் ஆறு. நம் ஷாஃப்ட் நிற்பது 2.7 சிக்மாவில்.

சராசரி சரியாக நடுவில் இருந்தால், மூன்று சிக்மா நிலையில் பத்து லட்சத்துக்கு 2,700 உருப்படிகள் எல்லை தாண்டும். நான்கில் 63. ஐந்தில் ஒன்று கூட இல்லை, கணக்குப்படி 0.57. ஆறில் நூறு கோடிக்கு இரண்டு. படி ஒவ்வொன்றும் ஒரே உயரமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்றிலிருந்து நான்குக்குப் போவதில் பழுது நாற்பதில் ஒரு பங்காகக் குறைகிறது.

ஆயிரத்துக்கு மூன்றுக்கும் குறைவு என்பது போதாதா என்று கேட்கத் தோன்றும். ஒரு பொருளில் ஓர் அளவுதான் முக்கியம் என்றால் போதும்தான். ஆயிரம் அளவுகள் சரியாக இருந்தாக வேண்டிய ஒரு கருவியில் ஒவ்வோர் அளவும் மூன்று சிக்மாவில் நின்றால், எல்லாமே சரியாக அமையும் வாய்ப்பு 0.9973-ஐ ஆயிரம் தடவை பெருக்கினால் வருவது. அது நூற்றுக்கு ஏழு கூட இல்லை. நான்கு சிக்மாவில் நின்றால் நூற்றுக்கு 94.

1980-களின் நடுவில் அமெரிக்காவின் மோட்டரோலா நிறுவனத்தை உறுத்தியது இந்தக் கணக்குதான். ரேடியோ, பேஜர் போன்ற பல பாகங்கள் கொண்ட மின்னணுக் கருவிகள் செய்த நிறுவனம் அது. அங்கே பொறியாளராக இருந்த பில் ஸ்மித், எல்லைகளை ஆறு சிக்மா தூரத்தில் நிறுத்த வேண்டும் என்றார். சிக்ஸ் சிக்மா என்ற பெயர் அங்கிருந்து வந்தது. 1988-ல் மோட்டரோலாவுக்கு அமெரிக்காவின் மால்கம் பால்ட்ரிஜ் தர விருது கிடைத்ததும் பெயர் உலகெங்கும் பரவியது.

அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருவது பத்து லட்சத்துக்கு 3.4 பழுது என்ற எண். மேலே சொன்ன நூறு கோடிக்கு இரண்டு என்பதற்கும் இதற்கும் ஒத்துவரவில்லையே என்று பலர் குழம்புவது உண்டு. மோட்டரோலாவின் கணக்கில் ஓர் அனுமானம் கூடுதலாக இருக்கிறது: நாள்பட எந்தச் செயல்முறையின் சராசரியும் ஒன்றரை சிக்மா வரை நகர்ந்துவிடும். ஆறு சிக்மாவில் தொடங்கியது நகர்ந்து நகர்ந்து ஒரு பக்கம் நான்கரை சிக்மாவில் வந்து நிற்கும். நான்கரைக்கு அப்பால் ஒரு பக்கத்தில் விழுவது பத்து லட்சத்துக்கு 3.4. அதே முறையில் பார்த்தால் நான்கு சிக்மா என்பது பத்து லட்சத்துக்கு 63 அல்ல, 6,210. ஒரே பெயருக்கு நூறு மடங்கு வித்தியாசம். ஆகவே யாராவது நான்கு சிக்மா என்று சொன்னால், எந்த அட்டவணையிலிருந்து என்று கேட்காமல் மேலே பேசுவதில் பயனில்லை. ஒன்றரை என்பது இயற்கை விதியும் அல்ல. சராசரி எவ்வளவு நகர்கிறது என்பதை ஒவ்வொரு பட்டறையும் தன் இயந்திரத்திலேயே அளந்து கொள்ளலாம். அனுமானத்தைக் கடன் வாங்கத் தேவையில்லை.

நிலையாக இருக்கிறதா

நம் 25 ஐந்துகளுக்குத் திரும்பினால் அந்த நகர்வை நேரடியாகவே பார்க்கலாம். ஒவ்வோர் ஐந்தின் சராசரியையும் நேர வரிசையில் புள்ளியாக வைத்தால் கட்டுப்பாட்டு வரைபடம் கிடைக்கும். பெல் தொலைபேசி நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த வால்ட்டர் ஷூவர்ட் 1924-ல் வகுத்துக் கொடுத்த முறை இது. இயந்திரத்தின் சொந்த அலைச்சல் மட்டுமே காரணமாக இருந்தால், புள்ளிகள் எல்லாம் மொத்தச் சராசரிக்கு மேலும் கீழும் 2.4 மைக்ரானுக்குள், அதாவது 20.0078-க்கும் 20.0126-க்கும் இடையில் விழ வேண்டும். இந்தக் கோடுகளுக்கும் டாலரன்ஸ் எல்லைகளுக்கும் சம்பந்தமில்லை. டாலரன்ஸ் வரைபடம் போட்டவர் சொன்னது. இந்தக் கோடுகள் இயந்திரம் தன்னைப் பற்றித் தானே சொல்வது. இரண்டையும் ஒரே தாளில் போட்டுக் குழப்பிக்கொள்வது பட்டறைகளில் அடிக்கடி காணக்கூடிய தவறு.

25 புள்ளிகளில் ஆறு இந்தக் கோடுகளுக்கு வெளியே விழுந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் ஒழுங்கும் ஒரு கதை சொல்கிறது. காலையில் தாழ்வாகத் தொடங்கும் புள்ளிகள் மணிக்கு மணி ஏறுகின்றன, வீலை டிரஸ் செய்ததும் பொத்தென்று இறங்குகின்றன, மறுபடி ஏறுகின்றன. கிரைண்டிங் வீல் தேயத் தேய அதன் விட்டம் குறைகிறது. எடுக்க வேண்டியதை அது முழுக்க எடுப்பதில்லை. ஷாஃப்ட் பருத்துக்கொண்டே போகிறது. வைரமுனையால் வீலைச் சீவிப் புதுப்பிக்கும் போது கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

அப்படியென்றால் 1.8 மைக்ரான் என்ற சிக்மா பாதிதான் உண்மை. அது சில நிமிடங்களுக்குள் நடக்கும் அலைச்சல். நாள் முழுவதும் நடப்பதைப் பார்க்க, 125 அளவுகளையும் ஒன்றாகக் கொட்டித் திட்ட விலக்கம் காண வேண்டும். அப்படிக் கண்டால் 2.6 மைக்ரான் வருகிறது. இந்த மொத்த சிக்மாவை வைத்துப் போடும் குறியீடுகளுக்குப் பி.பி., பி.பி.கே. என்று பெயர். பி.பி. 0.83, பி.பி.கே. 0.62. கையில் இருப்பது ஆயிரத்துக்கு நான்கு பழுது அல்ல. ஏறத்தாழ முப்பதுக்கு மேல்.

வாடிக்கையாளரின் கைக்குப் போவது நாள் முழுவதும் வந்த ஷாஃப்டுகள்தான். சில நிமிடங்களில் வந்தவை அல்ல. ஆகவே அவருக்கு உண்மையைச் சொல்வது பி.பி.கே. வீல் தேய்மானத்தை அடக்கிவிட்டால் இயந்திரம் எதைத் தரும் என்று சொல்வது சி.பி.கே. இரண்டும் ஒன்றை ஒன்று நெருங்கி நின்றால் செயல்முறை நிலையாக இருக்கிறது என்று பொருள். விலகி நின்றால், நிமிடத்துக்குள் இல்லாத ஏதோ ஒன்று மணிக்கணக்கில் உள்ளே புகுந்து வேலை செய்கிறது. நிலையில்லாத செயல்முறைக்குப் பி.பி.கே. கூடக் கடந்தவற்றின் வரலாறு மட்டுமே. நாளை என்ன நடக்கும் என்று எந்தக் குறியீட்டாலும் சொல்ல முடியாது. இதனால்தான் தரக்கட்டுப்பாட்டு நூல்கள் முதலில் வரைபடம், பிறகு குறியீடு என்ற வரிசையை விடாமல் வலியுறுத்துகின்றன. நடைமுறையில் மென்பொருள் பொத்தானை அழுத்தியதும் எண்ணைத் தந்துவிடுகிறது. வரைபடத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அது யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

அளவு கருவியும் எண்ணிக்கையும்

அளந்த அலைச்சல் முழுவதும் ஷாஃப்டினுடையது அல்ல. மைக்ரோமீட்டருக்கும் அதைப் பிடிக்கும் கைக்கும் தங்கள் பங்கு உண்டு. ஒரே ஷாஃப்டை ஒரே இடத்தில் பத்துத் தடவை அளந்தாலே விடைகள் சிதறும். அந்தச் சிதறலின் சிக்மா ஒரு மைக்ரான் என்றால், அது நேரடியாகக் கூடாது, வர்க்கமாகக் கூடும். 1.8-இன் வர்க்கம் 3.24. அதில் கருவியின் பங்கான 1-ஐக் கழித்தால் 2.24; அதன் வர்க்கமூலம் 1.5. ஆக, இயந்திரத்தின் உண்மையான அலைச்சல் 1.5 மைக்ரான்தான். சி.பி. 1.20 அல்ல, 1.44. கிரைண்டிங் இயந்திரத்தின் மேல் விழுந்த பழியில் கொஞ்சம் மைக்ரோமீட்டருக்கு உரியது.

வெப்பமும் இதில் சேரும். எஃகு ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் மீட்டருக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். வீலிலிருந்து சூட்டோடு எடுத்த 20 மில்லிமீட்டர் ஷாஃப்ட், மைக்ரோமீட்டரை விடப் பத்து டிகிரி கூடுதலாக இருந்தால், 2.3 மைக்ரான் பருத்துத் தெரியும். 13 மைக்ரான் இடத்தில் இது சின்ன விஷயமல்ல. அவசரத்தில் ஒருவர் சூட்டோடு அளக்க, இன்னொருவர் ஆறவைத்து அளந்தால், இல்லாத அலைச்சல் ஒன்று தாளில் பிறந்துவிடும். அளப்பதற்கான உலகத் தர வெப்பநிலை 20 டிகிரி. அந்தக் குளிர் நம் பட்டறைகளில் கிடைக்காது. ஆனால் ஷாஃப்டும் மைக்ரோமீட்டரும் ஒரே சூட்டில் இருந்தால், இரண்டுமே எஃகு என்பதால், பெரிய தவறு வராது.

எத்தனை உருப்படிகளை அளந்து எண்ணைச் சொன்னார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 30 ஷாஃப்டுகளை அளந்து சி.பி.கே. 1.33 என்று ஒருவர் சொன்னால், 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லக்கூடியது, உண்மையான மதிப்பு 0.97-க்கும் 1.69-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பது மட்டுமே. தேறாததும் தாராளமாகத் தேறுவதும் அந்த இடைவெளிக்குள்ளேயே இருக்கின்றன. 125 ஷாஃப்டுகளை அளந்தால் இடைவெளி 1.15 முதல் 1.51 வரை என்று சுருங்கும். அப்போதும் 1.33 என்பதில் இரண்டாவது தசம இலக்கத்துக்குப் பெரிய அர்த்தம் கிடையாது. வாகனத் தொழிலில் புதிய பாகத்துக்கு ஒப்புதல் வாங்கும் போது, குறைந்தது 25 தொகுப்புகளும் 100 அளவுகளும் கேட்பது இதற்காகத்தான். அந்த நடைமுறையில் முதல் ஆய்வின் குறியீடு 1.67-ஐத் தாண்டினால் ஏற்பு, 1.33-க்குக் கீழே என்றால் தற்போதைக்கு ஏற்பில்லை. நடுவில் நின்றால் வாடிக்கையாளரோடு பேசித் தீர்க்க வேண்டும்.

தேறாதபோது

நம் ஷாஃப்டுக்கு முதல் இரண்டு வேலைகளும் மலிவானவை. வீலை டிரஸ் செய்யும் இடைவெளியைக் குறைத்து, தேய்மானத்துக்கு ஈடாகக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒரு தடவை ஆஃப்செட்டைத் திருத்தினால் ஏறி இறங்கும் போக்கு அடங்கும். சராசரியை நடுவுக்குக் கொண்டு வந்தால் ஆபரேட்டரின் மேல்பக்கச் சாய்வு தீரும். அவரிடம் ஸ்கிராப்புக்குக் கணக்குக் கேட்பதை நிறுத்தாமல் இது நடக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மொத்த சிக்மா 2.6-லிருந்து 1.9-க்கு வந்து, சராசரி 20.0087-ல் நின்றால் பி.பி.கே. 1.1. முன்பிருந்த 0.62-க்கு இது நல்ல ஏற்றம். ஆனாலும் 1.33-க்கு எட்டவில்லை.

இந்தக் கட்டத்தில் பல பட்டறைகள் எடுக்கும் வழி, எல்லா ஷாஃப்டையும் அளந்து எல்லைக்குள் இருப்பதை மட்டும் அனுப்புவது. அப்படி அனுப்பினால் எல்லை தாண்டியது ஒன்றும் போகாது. பிறகு குறியீடு எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. அதற்கான பதிலை ஜப்பானியப் பத்திரிகையான அசாஹி 1979-ல் வெளியிட்ட ஒரு செய்தி தந்தது. சோனி நிறுவனம் ஒரே மாதிரி வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியை ஜப்பானிலும் அமெரிக்காவின் சான் டியேகோவிலும் செய்துகொண்டிருந்தது. வரைபடம் ஒன்று, டாலரன்ஸ் ஒன்று. வாங்குகிறவர்களோ ஜப்பானில் செய்த பெட்டியையே விரும்பினார்கள்.

வண்ண அடர்த்தியின் பரவலைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. சான் டியேகோவிலிருந்து எல்லைக்கு வெளியே ஒரு பெட்டிகூடப் போகவில்லை எனலாம். ஆனால் எல்லைக்குள் அவை சமமாகப் பரவிக் கிடந்தன. நடுவில் எத்தனை இருந்தனவோ, ஓரத்திலும் ஏறக்குறைய அத்தனை இருந்தன. ஜப்பானியப் பெட்டிகளில் ஆயிரத்துக்கு மூன்று எல்லையைத் தாண்டியிருந்தன. ஆனால் பெரும்பாலானவை நடுவைச் சுற்றிக் குவிந்திருந்தன. அகலத்தை ஆறு சிக்மாவால் வகுத்தால் ஜப்பானுக்குச் சி.பி. 1, சான் டியேகோவுக்கு 0.58. பழுதே அனுப்பாத ஆலையின் குறியீடு பழுது அனுப்பிய ஆலையின் குறியீட்டை விடக் கீழே இருந்தது. வாங்கியவர்களின் கண்ணும் அதையே சொன்னது. எல்லைக்கு ஒரு மயிரிழை உள்ளே இருக்கும் பெட்டிக்கும் ஒரு மயிரிழை வெளியே இருக்கும் பெட்டிக்கும் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. நடுவில் இருப்பதற்கும் ஓரத்தில் இருப்பதற்கும் தெரியும். ஜப்பானியப் பொறியாளர் கெனிச்சி தாகுச்சி, இலக்கிலிருந்து விலக விலக இழப்பு கூடிக்கொண்டே போகிறது என்ற தன் கருத்துக்கு இந்த வழக்கைச் சான்றாகக் காட்டினார்.

பேரிங் விஷயத்திலும் அதுவே. 20.0145-ல் உள்ள ஷாஃப்ட் எல்லைக்குள்தான் இருக்கிறது. 19.990 துளையுள்ள பேரிங் அதற்கு வாய்த்தால் இறுக்கம் 24.5 மைக்ரான். நடுவில் உள்ள ஷாஃப்டுக்கு இந்த நிலை வராது. ஆகவே பொறுக்கி அனுப்புவது இன்றைக்குச் சரக்கு போக உதவும் வழி. அலைச்சலைக் குறைக்கும் வழி அல்ல.

அலைச்சலைக் குறைப்பதில் முதல் படி, கிரைண்டிங் இயந்திரத்தைத் தொடாமலே எடுக்கக்கூடியது. கை மைக்ரோமீட்டருக்குப் பதிலாக, சிக்மா 0.3 மைக்ரானுக்குள் நிற்கும் காற்று கேஜ் ஒன்றை வைத்து, ஷாஃப்ட் ஆறிய பிறகு அளந்தால் மொத்த சிக்மா 1.9-லிருந்து 1.64-க்கு வரும். பி.பி.கே. 1.28. இதற்கு அடுத்ததுதான் இயந்திரம். ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள சென்டர் துளைகளைத்தான் முதலில் பார்ப்பார்கள். அவை வட்டமாக இல்லாவிட்டால் அவற்றைத் தாங்கிச் சுழலும் ஷாஃப்டும் வட்டமாக வராது. துளைகளைத் தேய்த்துச் சரிசெய்து, கூலன்டின் சூட்டை ஒரே அளவில் வைத்து, மொத்த சிக்மாவை 1.5-க்குக் கொண்டு வந்து சராசரியைச் சரியாக 20.0085-ல் நிறுத்தினால் பி.பி.கே. 1.44. பேச்சுவார்த்தைக்கு உட்கார இது போதும்.

வாடிக்கையாளர் 1.67-ல்தான் நிற்பேன் என்றால் மொத்த சிக்மா 1.3 மைக்ரானுக்குள் வந்தாக வேண்டும். ஷாஃப்டை அரைக்கும் போதே கேஜ் அளந்து, அளவு வந்ததும் வீலைத் தானே பின்வாங்கச் செய்யும் இயந்திரம் வேண்டியிருக்கும். அந்தச் செலவைக் கொட்டேஷனில் சேர்ப்பதா, அல்லது அந்த மோட்டாரின் சுமைக்கு இந்தப் 13 மைக்ரான் உண்மையிலேயே தேவையா என்று வரைபடம் போட்டவரைக் கேட்பதா என்பதை அப்போது முடிவு செய்யலாம். எந்தப் பக்கம் முடிவானாலும், 125 ஷாஃப்டுகளையும் மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும்.